"இருட்டா இருந்துச்சு, அடையாளம் தெரியல"ன்னு சொல்லிட்டு வந்துட்டா போதுமா?

கேள்வி:

வக்கீல் சார், போன வருஷம் எங்க தெருமுனையில நடந்த கொலைய நான் கண்ணால பாத்தேன். போலீஸ்ல சொன்னேன், சார்ஜ் ஷீட்ல ஆறாவது சாட்சி நான். ஜாமீன்ல வந்த ஒருத்தனோட மாமா எங்களுக்கும் தூரத்து சொந்தம், வீட்டுக்கு வந்து "இருட்டா இருந்துச்சு, அடையாளம் தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடு, பகை எதுக்கு"ங்கறாரு. மறுநாள் என் பொண்ணு ஸ்கூல் வாசல்ல ரெண்டு பசங்க பைக்ல நின்னு அவள பேர் சொல்லி கூப்பிட்டிருக்கானுங்க. இன்னொண்ணு, அவனுங்க எங்க பதுங்கியிருக்கானுங்கன்னு இன்ஸ்பெக்டருக்கு போன்ல சொன்னதும் நான்தான், அது கோர்ட்ல வெளிய வந்துடுமா? சம்மன் வந்துடுச்சு, இன்னும் மூணு வாரம் இருக்கு. வீட்டுல அழுகுறாங்க. என்ன பண்றது?

பதில்:

வணக்கம். மூணு வாரம் இருக்குன்னு சொன்னீங்களே, அதுதான் இதுல நல்ல செய்தி, ஏன்னு கீழ சொல்றேன். நிறைய பேரு கோர்ட்டுக்கு முந்தின நாள் ராத்திரி போன் பண்ணுவாங்க, அப்ப யாராலயும் பெருசா எதுவும் பண்ண முடியாது.

மொதல்ல அந்த "ஒரு வார்த்தை"ய பத்தி பேசிடலாம், ஏன்னா உங்க சொந்தக்காரர் அத ரொம்ப சின்ன விஷயம் மாதிரி சொல்லியிருக்காரு. அது கண்டிப்பா அவர் யோசிச்ச வாக்கியமா இருக்காது, யாரோ ஒரு வக்கீல் ஆபீஸ்ல உக்காந்து எழுதிக் குடுத்ததா இருக்கும். எதிர்த்தரப்புக்கு உங்ககிட்ட பெரிய பொய் எதுவும் வேணாம். "அவன் கொல்லல"ன்னு நீங்க சொல்ல வேணாம், "நான் அங்க இல்லவே இல்ல"ன்னும் சொல்ல வேணாம். சம்பவம் நடந்தது, ஆள் செத்தது எல்லாம் ஒத்துக்கிட்டு அடையாளத்த மட்டும் விட்டுட்டா போதும், அவங்களுக்கு வேண்டியது அவ்ளோதான்.

கோர்ட்ல என்ன நடக்கும்னா, அரசு வக்கீல் உங்கள விசாரிக்கிறத சீஃப்னு சொல்லுவோம். "கூண்டுல நிக்கிற எதிரிகள தெரியுமா?"ன்னு கேப்பாரு, குற்றம் சாட்டப்பட்டவங்கள கோர்ட்ல எதிரின்னுதான் சொல்லுவோம். நீங்க "தெரியாது"ன்னு சொன்ன அந்த நிமிஷம் அவரு ஜட்ஜ பாத்து, இந்த சாட்சிய பிறழ் சாட்சியா, அதாவது கூப்பிட்ட தரப்புக்கே எதிரா மாறினவரா கருதி குறுக்கு விசாரணை பண்ண அனுமதி வேணும்னு கேப்பாரு. பழைய சாட்சியச் சட்டத்துல 154, இப்ப புதுச் சட்டத்துல 157ஆவது பிரிவு. அனுமதி கெடச்சதும் உங்க போலீஸ் வாக்குமூலத்த எடுத்து வரி வரியா "இப்படி சொன்னீங்களா, இப்படி சொன்னீங்களா"ன்னு கேப்பாரு. பல்டி அடிக்கறவங்க எல்லாரும் ஒரே பதில்தான் சொல்லுவாங்க, "அப்படி சொல்லல சார், போலீஸ் வெத்துப் பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டாங்க." இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, போலீஸ் விசாரணையில பதிவு பண்ற சாட்சி வாக்குமூலத்துல கையெழுத்து வாங்கவே கூடாதுன்னுதான் சட்டம் சொல்லுது, கையெழுத்து போடறது, பொருள கைப்பற்றறப்ப, இடத்த பாக்கறப்ப எழுதற மகஜர்லதான். ஆக அந்த பதில சொல்றப்பவே இது சொல்லிக் குடுத்த பாட்டுன்னு கோர்ட்ல இருக்கற எல்லாருக்கும் தெரியும், ஆனா தெரிஞ்சு ஒண்ணும் ஆகப் போறதில்ல.

ஏன் ஆகாதுன்னா, போலீஸ்ல சொன்ன வாக்குமூலம் தனியா ஒரு சாட்சியமே கிடையாது. கூண்டுல நீங்க மாத்தி பேசுறீங்கன்னு காட்டறதுக்கு மட்டும்தான் அத உபயோகப்படுத்தலாம். அப்புறம் விசாரணை அதிகாரி கூண்டுல ஏறி "ஆமா, என்கிட்ட அப்படித்தான் சொன்னாரு"ன்னு சொல்லுவாரு, அதனால நீங்க பொய் சொல்றீங்கன்னு வேணா நிரூபணம் ஆகும், அவன்தான் வெட்டினான்னு நிரூபணம் ஆகாது. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற அந்த ஓட்டையிலதான் கேஸே கீழ விழுது.

நான் அரசு வக்கீலா இருந்தப்ப பாத்த ஒரு கேஸ சொல்றேன், பேரு ஊரு வேணாம். ராத்திரி ஒம்போதரை மணிக்கு கொலை, கண்ணால பாத்த சாட்சி மூணு பேரு. செத்துப் போனவரோட அண்ணன், ஒரு ஆட்டோ டிரைவர், எதிர்ல டெய்லர் கடை வெச்சிருந்தவரு. அண்ணன் கடைசி வரைக்கும் உறுதியா நின்னாரு. ஆட்டோ டிரைவர் "நான் சவாரி போயிட்டேன், எதையும் பாக்கல"ன்னுட்டாரு, சரி, அது வெறும் பூஜ்ஜியம், அத தாங்கிக்கலாம். டெய்லர்தான் எல்லாத்தையும் முடிச்சு வெச்சாரு. அவர பிறழ் சாட்சின்னு சொல்லி நான் கேக்க வேண்டியதெல்லாம் கேட்டு உக்காந்ததுக்கு அப்புறம் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்திரிச்சு மூணே மூணு கேள்வி கேட்டாரு. அன்னைக்கு உங்க தெருவுல கரண்ட் இல்லதானே? ஆமா. உங்க கடைய எட்டு மணிக்கே மூடிட்டீங்கதானே? ஆமா. போலீஸ் உங்கள மறுநாள் சாயங்காலம்தான் வந்து பாத்தாங்க? ஆமா. அவ்ளோதான், உக்காந்துட்டாரு.

இப்ப இதோட பின்விளைவ பாருங்க. அந்த அண்ணன் தன்னோட சாட்சியத்துல "டெய்லர் கடை டியூப்லைட் வெளிச்சத்துல பாத்தேன்"னு சொல்லியிருந்தாரு. கடை மூடியிருந்துச்சு, கரண்ட்டும் இல்லன்னு அரசு தரப்பு சாட்சியே சொல்லியாச்சு, அப்ப உண்மைய சொன்ன அண்ணனோட வெளிச்சம் போயிடுச்சு. மறுநாள் சாயங்காலம்தான் போலீஸ் வந்தாங்கன்னா, அன்னைக்கு ராத்திரியே எஃப்ஐஆர் போட்டோம்னு சொல்றது சந்தேகம் ஆயிடுச்சு, ஆற அமர உக்காந்து பேர சேத்து எழுதினாங்கன்னு வாதம் பண்ண வழி கெடச்சுது. ஒரே ஒரு சாட்சிய வெச்சு தண்டனை குடுக்கலாம், சட்டத்துல எண்ணிக்கை கணக்கு இல்ல, 1957லயே வடிவேலு தேவர் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் அத தெளிவா சொல்லியிருக்கு, ஆனா அந்த ஒருத்தர் முழுசா நம்பக்கூடியவரா இருக்கணும். பாதி நம்பலாம் பாதி நம்ப முடியாதுங்கற ரகத்துல விழுந்துட்டா வேற ஆதாரம் துணைக்கு வேணும். இவரோ செத்தவரோட அண்ணன், வெளிச்சமும் போச்சு, துணை சாட்சியும் போச்சு. சந்தேகத்தின் பலன் எதிரிக்கு, எல்லாரும் விடுதலை. பல்டி அடிக்கறவங்க தன்னோட சாட்சிய மட்டும் வாபஸ் வாங்கறதா நெனைக்கிறாங்க, நெஜத்துல தைரியமா நின்ன இன்னொருத்தனோட சாட்சியத்தையும் சேத்து அழிச்சிட்டு இறங்குறாங்க. உங்க கேஸ்லயும் "இருட்டா இருந்துச்சு"ங்கற வார்த்தை உங்களோட நிக்காது, அதே தெருமுனையில நின்னு பாத்த மத்த சாட்சிங்க கண்ணையும் அது கட்டிடும். உங்ககிட்ட அந்த வார்த்தைய கேக்கறதுக்கு அதுதான் காரணம்.

பிறழ் சாட்சின்னு ஆயிட்டா அந்த சாட்சியம் மொத்தமும் குப்பைக்கு போயிடும்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அது தப்பு. சத் பால் கேஸ், குஜ்ஜி கேஸ்னு 70கள்ல இருந்து சுப்ரீம் கோர்ட் திரும்பத் திரும்ப சொல்றது, நம்பக்கூடிய பகுதிய எடுத்துக்கலாம்னுதான். நம்ம ஊர்லயே கோகுல்ராஜ் ஆணவக் கொலை கேஸ் இருக்கே. 2015ல திருச்செங்கோடு கோயில்ல அவரோட கடைசியா இருந்த தோழி விசாரணையில பிறழ் சாட்சி ஆயிட்டாங்க, ஆனாலும் கோயில் சிசிடிவி மாதிரி வேற ஆதாரங்க இருந்ததால 2022 மார்ச்ல மதுரை கோர்ட் முக்கிய எதிரி உட்பட 10 பேர குற்றவாளின்னு சொல்லுச்சு. அப்பீல் வந்தப்ப ஹைகோர்ட் ஜட்ஜுங்க அவங்கள நேர்ல வரவெச்சு அந்த வீடியோவ போட்டு காட்டி கேட்டாங்க, அது நான் இல்லன்னாங்க, கோர்ட் தானா முன்வந்து அவமதிப்பு நடவடிக்கை எடுத்துச்சு. எதிரிக்கும் தண்டனை கெடச்சுது, மாத்தி சொன்னவங்களுக்கும் கோர்ட் அலைச்சல். "உனக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு உங்க சொந்தக்காரர் சொல்றதுக்கு இதான் பதில்.

நீங்க மாஜிஸ்ட்ரேட் முன்னாடி வாக்குமூலம் குடுத்தீங்களா இல்லையான்னு கடுதாசியில இல்ல. முன்னாடி 164 ஸ்டேட்மென்ட்னு சொல்லுவோம், இப்ப 183. பத்து வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை உள்ள கேஸ்ல போலீஸ் சாட்சிய கூட்டிட்டு வந்தா மாஜிஸ்ட்ரேட் பதிவு பண்ணியே ஆகணும்னு புதுச் சட்டம் சொல்லுது, அதனால குடுத்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படின்னா விஷயமே வேற. அது சத்தியப் பிரமாணத்துல சொன்னது, நீங்க கையெழுத்து போட்டது. அதுக்கு நேரெதிரா இன்னொரு சத்தியம் பண்ணி சொன்னா ரெண்டுல எது பொய்ன்னு யாரும் நிரூபிக்கவே வேணாம். பொய் சாட்சிக்கு 7 வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கு, அதே ஜட்ஜ் சுருக்கமா விசாரிச்சு 3 மாசம் வரைக்கும் போடறதுக்கும் தனி வழி இருக்கு. இதெல்லாம் நடைமுறையில அபூர்வமாத்தான் நடக்குது, அதையும் மறைக்காம சொல்றேன், அதனாலதான் இத்தன பேரு பல்டி அடிக்கறாங்க. ஆனா பெரிய கேஸ்ல, பேப்பர்ல வந்த கேஸ்ல யார புடிப்பாங்கன்னு முன்கூட்டியே யாராலயும் சொல்ல முடியாது.

சரி, இப்ப பாதுகாப்பு.

2018 டிசம்பர்ல மகேந்தர் சாவ்லா கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்த நாடு முழுக்க சட்டமா பின்பற்றணும்னு சொல்லிடுச்சு, சாமியார் ஆசாராம் பாலியல் கேஸ் சாட்சிங்க தாக்கப்பட்டதுதான் அதுக்கு பின்னணி. புது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 398ஆவது பிரிவும் ஒவ்வொரு மாநிலமும் ஒரு திட்டம் அறிவிக்கணும்னு கட்டாயம் பண்ணுது. இத போலீஸ் ஸ்டேஷன்ல போய் கேட்டா பாதி இடத்துல முழிப்பாங்க, அதனால அங்க ஆரம்பிக்காதீங்க. முடிவு எடுக்கறது ஒரு மாவட்டக் கமிட்டி. மாவட்ட நீதிபதி தலைவர், எஸ்பி உறுப்பினர், மாவட்ட அரசு வக்கீல் துறைத் தலைவர் உறுப்பினர் செயலர். மனுவ நீங்களே குடுக்கலாம், உங்க மனைவி குடுக்கலாம், உங்க வக்கீல் குடுக்கலாம், விசாரணை அதிகாரியும் குடுக்கலாம். உங்க கேஸ நடத்துற அரசு வக்கீல் மூலமா அனுப்பினா வேகமா நகரும், அதனால நாளைக்கே மாவட்ட கோர்ட்ல இருக்கற அரசு வக்கீல் அலுவலகத்துக்கு போங்க.

மனு போனதும் உங்க சப் டிவிஷன் டிஎஸ்பிகிட்ட மிரட்டல் ஆய்வு அறிக்கை கேப்பாங்க. அவருக்கு 5 வேலை நாள். அறிக்கை வந்ததுல இருந்து கமிட்டிக்கு 5 வேலை நாள். மொத்தம் ரெண்டு வாரம்னு வெச்சுக்கங்க, காகிதத்துல இருக்கற கணக்கு இது, கொஞ்சம் இழுக்கும், அதனாலதான் மூணு வாரம் நல்ல செய்தின்னேன். அவசரம்னா அறிக்கை வர்றதுக்கு முன்னாடியே இடைக்கால பாதுகாப்புக்கு உத்தரவு போடலாம், குழந்தை ஸ்கூல் வாசல் விஷயத்த சொல்லி அத கண்டிப்பா கேளுங்க. விசாரணை மூடின அறையில நடக்கும், கமிட்டி உங்ககிட்ட நேர்லயோ வீடியோவுலயோ பேசி என்ன வேணும்னு கேக்கும்.

இந்த எடத்துலதான் நெறைய மனு சொதப்புது. "எனக்கும் என் குடும்பத்துக்கும் உயிருக்கு ஆபத்து, தகுந்த பாதுகாப்பு வேண்டும்"னு ரெண்டு வரி எழுதி குடுத்துடறாங்க. டிஎஸ்பி ஒரு ஏட்டய்யாவ அனுப்புவாரு, ஏட்டய்யா வந்து பாத்துட்டு "குறிப்பிடத்தக்க மிரட்டல் இல்லை"ன்னு எழுதிட்டு போயிடுவாரு, அதுல அவர குத்தம் சொல்லவும் முடியாது. திட்டத்துல மிரட்டல மூணு வகையா பிரிச்சிருக்கு. சாட்சியோட அல்லது குடும்பத்தோட உயிருக்கு ஆபத்துன்னா 'அ', பாதுகாப்புக்கோ மரியாதைக்கோ சொத்துக்கோ ஆபத்துன்னா 'ஆ', தொந்தரவு, பயமுறுத்தல் அளவுன்னா 'இ'. உங்களோடது இப்ப பாத்தா ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல வரும், கொன்னுடுவேன்னு யாரும் சொல்லலையே, அதனால சொல்லாதத சொன்னதா எழுதாதீங்க. பொய்ப் புகார்னு தெரிஞ்சா ஆன செலவ உங்ககிட்டயே வசூல் பண்ண திட்டத்துல இடம் இருக்கு, அத விட முக்கியம், மனுவுல மிகைப்படுத்தினது நாளைக்கு கோர்ட்ல உங்க மேல இருக்கற நம்பிக்கைய கெடுத்துடும். தேதி, நேரம், மாமா என்ன வார்த்தை சொன்னாரு, யாரு கூட இருந்தாங்க, பைக் நம்பர் தெரியுமா, பொண்ணு பேர அவனுங்க எப்படி சொன்னானுங்க, ஸ்கூல் வாசல்ல கேமரா இருக்கா, இத எழுதுங்க. கேமரா இருந்தா இன்னைக்கே ஸ்கூல்ல எழுத்து மூலமா பதிவ பத்திரப்படுத்தச் சொல்லுங்க, அதெல்லாம் கொஞ்ச நாள்ல தானா அழிஞ்சிடும்.

என்ன கேக்கணும்கறதையும் நீங்களே எழுதணும். அடையாளத்த மறைக்கச் சொல்லி கேக்கறதுல உங்களுக்கு இப்ப பிரயோஜனம் இல்ல, உங்க பேரு விலாசம் வாக்குமூலம் எல்லாம் சார்ஜ் ஷீட் நகலோட எதிரிங்க கைக்கு போயாச்சு. ஊர் மாத்தி பேர் மாத்தி வெக்கறதெல்லாம் திட்டத்துல இருக்குதான், ஆனா அது ரொம்ப அரிது, பொண்ணு படிப்பையும் உங்க பொழப்பையும் பாத்தா உங்களுக்கு அது ஒத்தும் வராது. நீங்க கேக்க வேண்டியது, வீட்டுப் பக்கமும் ஸ்கூல் விடற நேரத்துலயும் ரோந்து, வீட்டு வாசல்ல கேமரா, ராத்திரி கூப்பிட ஒரு குறிப்பிட்ட அதிகாரியோட நம்பர், சாட்சி சொல்ற அன்னைக்கு போலீஸ் பாதுகாப்போட கூட்டிட்டு போயி கொண்டு வந்து விடறது, கோர்ட்ல எதிரி ஆளுங்களோட ஒரே வராண்டாவுல நிக்க வெக்காம தனி ரூம். அந்த வராண்டாவ சும்மா நெனைக்காதீங்க, காலையில பத்தரைல இருந்து மத்தியானம் வரைக்கும் பத்து பேரு மொறைச்சு பாக்கற அந்த ரெண்டு மணி நேரத்துல மனசு மாறினவங்க எத்தனையோ பேரு, வெளிய யாரும் ஒரு வார்த்தை மிரட்டியிருக்க மாட்டாங்க. முடியலன்னா வேற கோர்ட் வளாகத்துல இருந்து வீடியோ மூலமா சாட்சி சொல்ல அனுமதி கேக்கலாம்.

இந்த உத்தரவுக்கு ஆயுசு ஒரு தடவைக்கு அதிகபட்சம் 3 மாசம். அது முடியறதுக்கு முன்னாடி நீங்கதான் நீட்டிக்க கேக்கணும், யாரும் ஞாபகப்படுத்த மாட்டாங்க.

பாதுகாப்பு மனுவோட நிறுத்திடாதீங்க. பொய் சாட்சி சொல்லச் சொல்லி மிரட்டறதே தனிக் குற்றம், ஐபிசிக்கு பதிலா வந்த பிஎன்எஸ் சட்டத்துல 232ஆவது பிரிவு, 7 வருஷம் வரைக்கும். இதுக்கு போலீஸ் நேரடியா எஃப்ஐஆர் போடலாமா, கோர்ட் புகார் குடுக்கணுமான்னு ஹைகோர்ட்டுங்களுக்குள்ள கொழப்பம் இருந்துச்சு, 2025ல சுப்ரீம் கோர்ட் போலீசே போடலாம்னு தீர்த்து வெச்சிடுச்சு. ஸ்டேஷன்ல வாங்கலன்னா எஸ்பிக்கு பதிவுத் தபால்ல அனுப்புங்க. ஜாமீன் விஷயமும் இருக்கு, சாட்சிய கலைக்கக் கூடாதுங்கற நிபந்தனையிலதான் அவன் வெளிய இருக்கான். மாமா எதிரி கிடையாது, அதனால அவன் சொல்லித்தான் மாமா வந்தாருன்னு காட்டற மாதிரி ஏதாவது வேணும், "அவன்தான் அனுப்பினான்"னு மாமா சொல்லியிருந்தா அத அப்படியே எழுதிக் குடுங்க, அரசு தரப்பு ஜாமீன் ரத்துக்கு மனு போடட்டும். "உனக்குத்தான் சாட்சி பாதுகாப்பு இருக்கே, அப்புறம் எதுக்கு ஜாமீன் ரத்து"ன்னு சில எடத்துல சொல்லிப் பாத்தாங்க, ஒண்ணுக்கு ஒண்ணு மாத்து இல்லன்னு அதையும் சுப்ரீம் கோர்ட் 2025லயே சொல்லியாச்சு. மிரட்டறவன உள்ள வெக்கறதுதான் நியாயம், சாட்சிய வீட்டுக்குள்ள அடைச்சு வெக்கறது இல்ல, என் கருத்தும் அதான்.

அந்த மாமா மறுபடியும் வருவாரு. வந்தா "பாக்கலாம்", "யோசிக்கிறேன்"னு இழுக்காதீங்க, "எவ்ளோ குடுப்பாங்க"ன்னு வெளையாட்டுக்கு கூட கேக்காதீங்க. அவரு சட்டைப் பையில போன் ரெக்கார்டிங் ஓடிட்டிருக்கும்னு நெனச்சுக்கோங்க, நீங்க பணம் கேட்டீங்கன்னு அந்த ஆடியோவ வெச்சே கோர்ட்ல உங்கள நாறடிச்சிடுவாங்க. "நான் பாத்தத கோர்ட்ல சொல்லுவேன் மாமா, இத பத்தி இனிமே பேச வேணாம்"னு ஒரே வரி போதும். அவரு போன்ல பேசினது, வாட்ஸ்அப்ல அனுப்பினது எதையும் அழிக்காதீங்க, போனையும் மாத்தாதீங்க, ஸ்கிரீன்ஷாட் மட்டும் வெச்சுக்கிட்டு போன வித்துட்டா அது நிக்கறது கஷ்டம், மூல போனும் அதுக்கான சான்றிதழும் கேப்பாங்க. சமாதானம், ராஜின்னு பேச்சு வந்தா ஒண்ணு தெரிஞ்சு வெச்சுக்கோங்க, கொலைக் கேஸ்ல ராஜியே கிடையாது, சட்டம் அனுமதிக்கல. அங்க ராஜின்னா சாட்சிங்கள மாத்தி பேச வெக்கறது, வேற ஒண்ணும் இல்ல.

இன்ஸ்பெக்டருக்கு நீங்க சொன்ன துப்பு விஷயம். சாட்சி வேற, துப்பு குடுத்தவரு வேற, நீங்க ரெண்டாவும் இருக்கறதால கொழம்பறீங்க. ஒரு குற்றம் பத்தின தகவல் எங்க இருந்து வந்துச்சுன்னு சொல்லச் சொல்லி போலீஸ் அதிகாரிய கட்டாயப்படுத்த முடியாது, சாட்சியச் சட்டம் 131, பழசுல 125. அதனாலதான் எல்லா கேஸ்லயும் "நம்பத்தகுந்த இரகசிய தகவலின் பேரில்"னு ஒரே பாட்டா எழுதுவாங்க. போலீஸ் தன் விசாரணைய எழுதி வெக்கற கேஸ் டைரியும் எதிரிங்க கைக்கு சாதாரணமா போகாது. ஒரே ஒரு சந்து இருக்கு, இந்த பாதுகாப்பு அதிகாரிக்கு குடுத்தது, கூண்டுல நிக்கிற உங்களுக்கு அதே வார்த்தையில குடுக்கல. கிராஸ்ல, அதாவது எதிர்த்தரப்பு பண்ற குறுக்கு விசாரணையில, "நீதானே போலீசுக்கு ஆள் காட்டிக் குடுத்தே"ன்னு நேரா கேட்டா பொய் சொல்லாதீங்க, உடனே பதிலும் சொல்லாதீங்க, ரெண்டு செகண்ட் நிறுத்தி அரசு வக்கீல பாருங்க. அவரு ஆட்சேபம் பண்ணணும், ஜட்ஜ் முடிவு பண்ணணும். இத அவருக்கு முன்கூட்டியே தனியா சொல்லி வெச்சாத்தான் அவரு தயாரா இருப்பாரு. அதோட உங்க போலீஸ் வாக்குமூலத்துல இன்ஸ்பெக்டர் இந்த துப்பையும் சேத்து எழுதி வெச்சிருக்காரான்னு அரசு வக்கீல பாத்து சொல்லச் சொல்லுங்க, எழுதியிருந்தா ஏற்கனவே அவங்களுக்கு தெரிஞ்ச கதைதான்.

அரசு வக்கீல பாக்கறப்ப உங்க வாக்குமூலத்த படிச்சு காட்டச் சொல்லுங்க. அதுல நீங்க சொல்லாதது ஏதாவது இருந்தா அப்பவே சொல்லிடுங்க. கூண்டுல பாத்தத மட்டும் சொல்லுங்க. யாரு முதல்ல வெட்டினான்னு மறந்து போச்சுன்னா மறந்து போச்சுன்னு சொல்லுங்க, மறதிக்கு யாரும் உங்கள பிறழ் சாட்சின்னு சொல்ல மாட்டாங்க. நல்லதுக்குன்னு நெனச்சு புதுசா ஒண்ண சேத்து சொன்னாத்தான் வம்பு, "இத போலீஸ்ல சொல்லலையே"ன்னு புடிச்சுப்பாங்க, உண்மை சொல்ற சாட்சிங்க பாதி பேரு அடி வாங்கறது இப்படித்தான்.

கடைசியா, சாட்சி சொல்ற அன்னைக்கு நீங்க பயப்பட வேண்டியது கூண்ட பாத்து இல்ல. சீஃப் முடிஞ்சதும் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து "சீனியர் இன்னைக்கு இல்ல, கிராஸுக்கு வாய்தா வேணும்"னு கேப்பாரு. அந்த வாய்தாவுலதான் எல்லாம் நடக்கும். நீங்க என்ன சொல்லிட்டீங்கன்னு அவங்களுக்கு தெரிஞ்சு போச்சு, எத ஒடைக்கணும்னு தெரிஞ்சு போச்சு, உங்கள புடிக்க நேரமும் கெடச்சுது. வினோத் குமார்னு பஞ்சாப் கேஸ் ஒண்ணுல சீஃப் 1999 செப்டம்பர்ல, கிராஸ் 2001 மே மாசம், நடுவுல 20 மாசம். வந்தப்ப சாட்சி தலைகீழா பேசிட்டாரு. 2015ல சுப்ரீம் கோர்ட் அந்த வாய்தாவ கடுமையா கண்டிச்சு, முடிஞ்ச வரைக்கும் அதே நாள்ல கிராஸ முடிக்கணும்னு சொன்னதோட, அவரு மொதல்ல சொன்னத நம்பி தண்டனையையும் உறுதி பண்ணுச்சு. வாய்தாவ தடுக்கற அதிகாரம் உங்களுக்கு இல்ல, ஆனா மனுவுலயே "என் சாட்சியத்தை ஒரே நாளில் முடிக்க வேண்டும்"னு ஒரு வேண்டுகோள் வையுங்க, திட்டத்துலயே அதுக்கு இடம் இருக்கு, அரசு வக்கீல்கிட்டயும் வாய்தாவ எதிர்க்கச் சொல்லுங்க. அப்படியும் தள்ளிப் போட்டா, கோர்ட்ட விட்டு எறங்கறதுக்கு முன்னாடியே மைக்ல ஜட்ஜ்கிட்ட "ஐயா, எனக்கு மிரட்டல் இருக்கு, அடுத்த தேதி வரைக்கும் பாதுகாப்பு வேணும்"னு சொல்லுங்க, சொன்னது பதிவாகுதான்னு பாருங்க. மனு குடுக்கறப்ப நகல்ல அலுவலக சீலும் தேதியும் வாங்கிக்கோங்க, அத வீட்டுல வெக்காம நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட குடுத்து வையுங்க.